எட்டு மாதம் உண்டியலில் அனுப்பியவன் எழுதும் திறந்த மடல்

ரூபாயின் மாற்று வீதத்துக்கும் நாட்டின் டொலர் கையிருப்புக்கும் பொறுப்பாகக் கொழும்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கட்டாரில் எங்கள் தொழிலாளர் முகாமின் சாப்பாட்டு மண்டபத்தில் 'சட்டபூர்வமாகப் பணம் அனுப்புங்கள்' என்று ஒரு கூட்டம் நடந்தது. ஊரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் சுவரில் ஒரு வரைபடம் காட்டினார். வெளிநாட்டில் வேலை செய்யும் இலங்கையர் நாங்கள் வங்கி வழியே 2020 இல் அனுப்பியது 7.1 பில்லியன் டொலர், 2021 இல் 5.5, 2022 இல் 3.8. அந்தக் கோடு கீழே விழும் இடத்தில் விரலை வைத்து, "இந்தப் பள்ளத்தை வெட்டினது நீங்கள்தான். உண்டியலில் அனுப்பினது நாட்டுக்குச் செய்த துரோகம்" என்றார். இருநூறு பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பிரியாணிப் பொதி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஆம், வங்கியைத் தவிர்த்து நான் உண்டியலில் அனுப்பினேன். 2021 ஒக்டோபரிலிருந்து 2022 மே வரை, எட்டு மாதம். அதற்கு முன்னும் பின்னும் கட்டாரில் நான் வேலை செய்த எல்லா மாதமும் வங்கி வழியாகத்தான் அனுப்பினேன், இன்றைக்கும் அப்படித்தான். பதினான்கு வருடத்தில் எட்டு மாதம் மட்டும் ஏன் தடம் மாறியது என்று கூட்டத்துக்கு வந்த அதிகாரி கேட்கவில்லை. விடையோ உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன். நான் ஒரு களஞ்சியத்தில் பொறுப்பாளர். வீட்டுக்கு மாதம் 1,100 ரியால் அனுப்புவேன். ரியால் டொலரோடு 3.64 என்று கட்டப்பட்டிருப்பதால், அனுப்பும் கட்டணம் போக அது ஏறக்குறைய 300 டொலர். 2021 நவம்பரில் நீங்கள் டொலரை 200 க்கும் 203 க்கும் இடையில் பிடித்து வைத்திருந்தீர்கள். வங்கியில் போட்டால் மட்டக்களப்பில் என் மனைவியின் கையில் 60,000 ரூபாய் அளவில் கிடைக்கும். அதே வாரம் எங்கள் முகாமில் உண்டியல்காரர் ஒரு டொலருக்கு 240 ரூபாய்க் கணக்குப் போட்டார். அதில் 72,000. மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம். அன்று 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2,675 ரூபாய். நான்கு சிலிண்டர் வாங்கியும் மிச்சம் வரும் பணம் அது. நாற்பத்தைந்து பாகை வெயிலில் லொறியிலிருந்து பெட்டி இறக்குகிறவனிடம், ஆறில் ஒரு பங்கை விட்டுக்கொடு, ரூபாய் விழவில்லை என்று நாங்கள் காட்டவேண்டும் என்று கேட்பதுதான் அந்த 203.

உண்டியல் என்றால் டொலரை மூட்டை கட்டிக் கடத்துவது என்று அந்த அதிகாரி நினைக்கிறார் போலிருந்தது. உண்டியலில் பணம் எங்கேயும் போவதில்லை. நான் தோஹாவில் ஒருவரிடம் ரியாலைக் கொடுக்கிறேன். அவர் ஊரிலுள்ள தன் ஆளுக்கு ஒரு தகவல் அனுப்புகிறார். மாலைக்குள் முன்பின் தெரியாத ஒருவர் என் மனைவியின் கணக்கில் ரூபாயைக் காசாக வைப்பிலிடுகிறார். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கொழும்பு புறக்கோட்டையில் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியிடமிருந்து. அவருக்கு வங்கியில் டொலர் கிடைப்பதில்லை. அல்லது வரி குறையும் என்று பொருளின் விலையைச் சுங்கத்தில் பாதியாகக் காட்டியிருக்கிறார், மீதிப் பாதியை வெளியே கட்டவேண்டும். அவர் இலங்கையில் ரூபாயைக் கொடுக்கிறார். வளைகுடாவில் கிடக்கும் என் ரியால் அவருடைய துபாய்க் கடனையோ சீனக் கடனையோ அடைக்கிறது. கணக்கு முடிந்தது. என் 300 டொலர் இலங்கை வங்கி எதன் கண்ணிலும் படவேயில்லை.

வங்கி வழியில் நடப்பது வேறு. என் பணம் முதலில் இலங்கை வங்கி ஒன்று வெளிநாட்டில் வைத்திருக்கும் டொலர்க் கணக்கில் சேர்கிறது. வங்கி அதற்கு ஈடாக ரூபாயை என் வீட்டுக்குக் கொடுக்கிறது. டொலர் வங்கியிடமே நிற்கிறது. எரிபொருளுக்கோ எரிவாயுவுக்கோ மருந்துக்கோ நாணயக் கடிதம் திறக்க அந்த டொலர்தான் போகிறது. வங்கிகளிடமிருந்து மத்திய வங்கி விலைக்கு வாங்கும்போதுதான் அது நாட்டின் கையிருப்பாகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் அனுப்பும் பணம் நேரே உங்கள் பெட்டகத்துக்குள் விழுவதில்லை. வங்கிகளிடம் டொலர் இருந்தால்தான் நீங்கள் வாங்கலாம். நாங்கள் தடம் மாறியபோது வங்கிகளிடம் டொலரே குறைந்துபோனது.

அதன் பலனை என் வீடுதான் முதலில் பார்த்தது. 2022 மார்ச்சில் என் மனைவி வெறும் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் வைத்தாள். மூன்று நாள் வைத்தாள். எரிவாயுக் கப்பலுக்குக் கட்ட வங்கிகளிடம் டொலர் இல்லை. அவள் கையில் நான் உண்டியலில் அனுப்பிய மேலதிகப் பன்னிரண்டாயிரம் இருந்தது. நான்கு சிலிண்டருக்குக் காசு இருந்தது, ஒரு சிலிண்டர் இல்லை. அன்றிரவு தொலைபேசியில் அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்கு இந்தக் கணக்கு முழுதும் விளங்கியது. அந்தச் சிலிண்டருக்குக் கட்டவேண்டிய டொலரில் ஒரு துளி என்னுடையது, அது துபாயில் நின்றுவிட்டது. அந்தக் குற்ற உணர்வு எனக்கு உண்டு. நான் கேட்பது, அந்த உணர்வில் உங்களுக்கும் பங்கு இருக்கிறதா என்பதுதான்.

ஏனென்றால் உண்டியல் வீதத்தை உயர்த்தியது உண்டியல்காரர் அல்ல. நீங்கள் 203 என்று கட்டி வைத்ததால் நாங்கள் வெளியே போனோம். நாங்கள் போனதால் வங்கியில் டொலர் குறைந்தது. வங்கியில் கிடைக்காத வியாபாரி உண்டியலுக்கு வந்து நின்றார். அவர் வந்ததால் உண்டியல் வீதம் இன்னும் ஏறியது, அதைப் பார்த்து அதுவரை வங்கியில் அனுப்பிக்கொண்டிருந்தவரும் மாறினார். 2020 டிசம்பரில் வங்கி வழியே 812 மில்லியன் டொலர் வந்தது. 2021 டிசம்பரில் 325 மில்லியன். 2022 பெப்ரவரியில் 205 மில்லியன். பதினான்கு மாதத்தில் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துரோகியாவது எப்படி?

அந்த வரைபடத்தின் உச்சியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2020 இன் 7.1 பில்லியன் எங்கள் வழமையான அளவு அல்ல. அதற்கு முந்தைய வருடம் 6.7 தான். கொரோனாவில் விமானங்கள் நின்றன, கையில் காசு கொண்டுபோகிறவர்களும் நின்றார்கள், வேலை போனவர்கள் சேமிப்பை எல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினார்கள். அந்த உச்சியிலிருந்து அளந்தால் எந்தப் பள்ளமும் ஆழமாகத்தான் தெரியும்.

நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். டொலருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை தந்தீர்கள். 2021 டிசம்பரில் அதை 10 ரூபாய் ஆக்கினீர்கள். வித்தியாசம் நாற்பது ரூபாயாக இருக்கும்போது பத்து ரூபாய் தருவது, வீதம் பிழை என்று நீங்களே ஒப்புக்கொள்வதுதான். சரி, பிழை என்று தெரிகிறதே, திருத்தாமல் ஏன் ஒட்டுப்போடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் கூடும்போலிருக்கிறதே என்றுதான் முகாமில் பேசிக்கொண்டோம். ஊக்கத்தொகை எங்களைக் காத்திருக்கச் சொன்னது.

நம்பிக்கையைப் பற்றியும் பேசவேண்டும். 2021 நவம்பர் முடிவில் கையிருப்பு 1.6 பில்லியன் டொலர் என்றீர்கள். டிசம்பர் முடிவில் 3.1 பில்லியன் என்றீர்கள். ஒரே மாதத்தில் இரட்டிப்பு. அதில் ஏறக்குறைய 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியோடு செய்த நாணய மாற்று ஏற்பாடு, நிபந்தனை நிறைவேறாமல் தொட முடியாத யுவான். எங்கள் அறையில் கணக்குப் படித்தவர் யாருமில்லை, ஆனாலும் அந்தச் செய்தி வந்த வாரமே எல்லோருக்கும் விளங்கிவிட்டது: பெட்டியில் இருப்பதில் பாதி காட்சிக்கு வைத்தது. அதற்கு முன், 2021 ஒக்டோபர் கடைசியில், ஏற்றுமதியாளர்கள் தங்கள் டொலரை ரூபாயாக மாற்றியே ஆகவேண்டும் என்று விதி போட்டீர்கள். அடுத்தது எங்கள் வெளிநாட்டு நாணயக் கணக்குகள்தான் என்று வதந்தி பரவியது. நீங்கள் மறுத்தீர்கள். அதை யார் நம்புவது? 2022 ஜனவரி 18 இல், மருந்துக்கு டொலர் தேடிக்கொண்டிருந்த நாடு 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனை முழுதாகக் கட்டியது. அப்போது என்னுடன் இருந்த அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் கேட்டார்: "நாம அனுப்பினா அது யாருக்குப் போகுது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதம் அவரும் உண்டியலுக்கு மாறினார்.

2022 மார்ச் 7 இல் வீதத்தின் கட்டை அவிழ்த்தீர்கள். 230 க்கு மேல் போகாமல் என்று சொன்னீர்கள், சில நாளில் அது 260 ஐத் தாண்டியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்கப்பட்டது. மே மாதம் வங்கியிலேயே டொலர் 360 ரூபாயளவில் இருந்தது. உண்டியலுக்கும் வங்கிக்கும் இடையில் வித்தியாசம் சுருங்கியதும் அடுத்த மாதமே நான் வங்கிக்குத் திரும்பினேன். எந்தக் கூட்டமும் என்னை மாற்றவில்லை, எந்த எச்சரிக்கையும் மாற்றவில்லை.

ரூபாய் விழுந்ததை நான் கொண்டாடினேன் என்று நினைக்கவேண்டாம். என் 300 டொலர் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆனது உண்மை. வளைகுடாவில் யாரும் இல்லாத என் தம்பி வீட்டில் சம்பளம் அப்படியே நிற்க, அரிசி விலை இரண்டு மடங்கானது. சிறுகச் சிறுக அவிழ்த்திருந்தால் இந்த வீழ்ச்சி இவ்வளவு கொடூரமாக இருந்திருக்காது. வெளியே வருமானம் உள்ளவன் தப்பினான், உள்ளேயே உழைத்தவன் நசுங்கினான். அதனால்தான் 2022 இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். இதைக் கூட்டத்தில் அந்த அதிகாரியிடம் கேட்டிருக்கவேண்டும்: அத்தனை பேர் வெளியேறிய அதே வருடத்தில்தான் வங்கி வழிப் பணம் 3.8 பில்லியனாக விழுந்தது. அப்படியானால் பள்ளத்தை வெட்டியது ஆட்குறைவா, வீதமா?

பிறகு நடந்ததும் அதையே சொல்கிறது. வீதம் சந்தையோடு ஒட்டி நடக்கத் தொடங்கியதும் 2023 இல் 6 பில்லியனுக்குக் கிட்ட வந்தது, 2024 இல் 6.5 பில்லியனைத் தாண்டியது. 2024 இல் நாடு விற்ற பொருளுக்கும் வாங்கிய பொருளுக்கும் இடையிலான இடைவெளி 6 பில்லியன் டொலர் அளவில். அந்த முழு இடைவெளியையும் நாங்கள் அனுப்பியது மூடியது. சுற்றுலாப் பணமும், நிறுத்தி வைத்த கடன் தவணைகளும் சேர, நீங்கள் சந்தையில் டொலரை வாங்கிக் கையிருப்பை வருட முடிவில் 6 பில்லியனுக்கு மேல் கொண்டுவந்தீர்கள். அதே வருடம் ரூபாய் 290 களுக்கு வலுத்தது. எங்களால் மட்டும் நடந்தது என்று உரிமை கொண்டாடமாட்டேன். கடனைக் கட்டாமல் இருந்ததால் மிஞ்சியதும் அதில் உண்டு, தவணைகள் முழுதாகத் திரும்பும்போது அந்த மிச்சம் இருக்காது. அப்போது மறுபடி ஒருவர் 'வீதத்தைக் கொஞ்சம் பிடித்து வைப்போம்' என்று சொல்வார் என்ற பயத்தில்தான் இப்போதே எழுதுகிறேன்.

உண்டியலால் நாங்கள் இழந்ததையும் ஒளிக்கவில்லை. வீட்டுக்கு மேல்மாடி கட்ட வங்கிக் கடன் கேட்டுப் போனபோது, கடந்த வருடங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்குப் பதிவு கேட்டார்கள். எட்டு மாதம் வெறுமையாக இருந்தது. அந்த மாதங்களில் என் மனைவியின் கணக்கில் இருந்ததெல்லாம் யார் யாரோ போட்ட காசு வைப்புகள். உண்டியலை அடையாளம் காண்பதும் அப்படித்தான்: பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததாக இராது, உள்ளூர்க் கிளையில் காசாகப் போட்டதாக இருக்கும், போட்டவர் பெயர் ஒவ்வொரு மாதமும் வேறு. ஒருநாள் கிளையிலிருந்து அவளை அழைத்து, இந்த ஆட்கள் யார் என்று விசாரித்தார்கள். அவளுக்கு எப்படித் தெரியும்? எட்டாம் வகுப்பு மகனையும் கூட்டிக்கொண்டுபோய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். டொலர் போகும் பாதையைத் தீர்மானித்தவர்கள் யாரும் அன்று அப்படி நிற்கவில்லை.

இனி என் கோரிக்கைகள்.

வங்கி வீதத்துக்கும் வெளியே நடக்கும் வீதத்துக்கும் உள்ள இடைவெளியை நீங்களே வாராவாரம் பார்த்து வெளியிடுங்கள். முகாமில் தேநீர் குடிக்கும் எவருக்கும் தெரிந்த இலக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அது சில ரூபாய்க்கு மேல் அகன்றால் முதலில் வீதத்தைத் திருத்துங்கள், ஊக்கத்தொகையும் எச்சரிக்கையும் கணக்கு முடக்கமும் பிறகு. 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நடந்ததுபோல் ஒரு இலக்கத்தில் கட்டி வைக்கமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள்.

கையிருப்பு இலக்கத்தை வெளியிடும்போது, உடனே செலவிடக்கூடியது எவ்வளவு, தொட முடியாத நாணய மாற்று எவ்வளவு என்று முதல் வரியிலேயே பிரித்துச் சொல்லுங்கள். அடிக்குறிப்பில் அல்ல. சிங்களத்திலும் தமிழிலும் அதே நாளில் சொல்லுங்கள். அனுப்புகிறவர்களில் பெரும்பாலானோர் ஆங்கில அறிக்கை படிப்பதில்லை, அதை யாரோ வாட்ஸ்அப்பில் திரித்துச் சொல்வதைத்தான் படிக்கிறார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களை நினையுங்கள். அவர்களில் பலருக்கு வார விடுமுறை இல்லை, கடவுச்சீட்டு எசமானர் கையில், நாணய மாற்றுக் கடை பத்து மைல் தூரத்தில். உண்டியல்காரர் வாசலுக்கே வருகிறார். புறப்படுமுன் தரும் பயிற்சியிலேயே அந்தப் பெண்ணுக்கும் ஊரில் அவள் நம்பும் ஒருவருக்கும் கணக்குத் திறந்து, தொலைபேசியில் அனுப்பும் முறையைக் கையால் ஒருமுறை செய்து பழக்கி அனுப்புங்கள். சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பதோடு அந்தப் பயிற்சி முடியக்கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு வாக்குப் போட வழி இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் பேசப்படுகிறது, விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகமுடிந்தவர் மட்டும் போடுகிறார். அது உங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள். இந்த 6.5 பில்லியன் யாருடையது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்கிறவர்கள் நீங்கள். அந்த அறிக்கையிலேயே இந்தக் கோரிக்கையையும் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, இங்கே அனுப்பும் அதிகாரிகளின் வரைபடத்தில் 2021, 2022 ஆண்டுகளுக்கு மேலே அந்தந்த மாத வங்கி வீதத்தையும் வெளி வீதத்தையும் இரண்டு கோடுகளாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'துரோகம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று எங்கள் அறிவிப்புப் பலகையில் போட்டால் நான் முன்வரிசையில் இருப்பேன்.

இப்படிக்கு,
தோஹாவிலிருந்து மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு களஞ்சியப் பொறுப்பாளர்